பிறைக்கு இரண்டு பதிவு

திட்டம் போடாமல் காரியம் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தீபாவளி அன்று காலையில் எழுந்து, யாரோ அனுப்பிய வாழ்த்துப் படத்தில் அடுத்தவன் கடைப் பெயரை அழித்துவிட்டுத் தன் கடைப் பெயரை ஒட்டுகிற ஆட்கள் எங்கள் உத்தமபாளையத்தில் நிறைய உண்டு. அழித்த இடம் பளிச்சென்று தெரியும். பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருக்கும் கார்த்திக்ராஜ் அப்படித்தான். போன பொங்கலுக்கு அவன் போட்ட வாழ்த்தில் மூலையில் ஏதோ ஒரு மருந்துக்கடையின் போன் நம்பர் இருந்தது.

நான் அப்படி இல்லை. என் பெயர் ரீட்டா. அனுமந்தன்பட்டியில் வீடு, உத்தமபாளையத்தில் பள்ளிவாசல் தெரு முனையில் கேக் கடை. கேக் போடுவதும் நான்தான், விற்பதும் நான்தான், கடைக்கு ஃபேஸ்புக்கில் இருக்கிற பக்கத்தை நடத்துவதும் நான்தான். வீட்டுக்காரர் ஆல்பர்ட் தேனி - குமுளி பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு ஃபேஸ்புக்கில் தெரிந்ததெல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது மட்டும்தான்.

ஒரு ஆளாகப் பக்கம் நடத்துகிறவள், பண்டிகை நாளில் உட்கார்ந்து வாழ்த்து எழுத முடியாது. அன்றைக்குத்தான் கேக்கே விற்கும், கையெல்லாம் கிரீமாக இருக்கும். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே எல்லாவற்றையும் எழுதி, படம் செய்து, எந்தத் தேதி எத்தனை மணி என்று குறித்துப் போட்டுவிடுவேன். நேரம் வந்ததும் அது தானாகவே பக்கத்தில் ஏறிவிடும். நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, என் போனில் நெட் அணைந்திருந்தாலும் சரி, அது தன் வேலையைப் பார்க்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மட்டும் அந்தந்த நாள் கையால் வைக்க வேண்டும்.

இதற்கென்று நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று கடையில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. தேதி மாறாத பண்டிகைக்குச் சிவப்பு மை, மாறக்கூடியதற்குப் பச்சை மை. பங்குனி பிறந்ததுமே உட்கார்ந்து அடுத்த ஒரு மாதத்துக்குத் திட்டம் போட்டபோது எனக்கே மலைப்பாக இருந்தது. குருத்தோலை ஞாயிறு, மறுநாளே பங்குனி உத்திரம், அந்த வெள்ளி புனித வெள்ளி, ஞாயிறு ஈஸ்டர், அடுத்த வாரம் செவ்வாய் யுகாதி, அதை ஒட்டி ரம்ஜான், ஞாயிறு சித்திரை ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கில் யாரையும் விட முடியாது. யுகாதியை விட்டால் கம்பத்துக்காரர்கள் கேட்பார்கள், உத்திரத்தை விட்டால் பால்குடம் எடுத்தவர்கள் கேட்பார்கள்.

இந்த எல்லாவற்றிலும் என் உயிர் ரம்ஜானில்தான் இருந்தது. தை மாதம்தான் இந்தத் தெருவுக்குக் கடையை மாற்றினேன். பழைய இடத்தில் எட்டு வருஷம் இருந்தேன், எல்லோருக்கும் என்னைத் தெரியும். இங்கே நான் புதிது. பெண்கள் கடைக்கு வருவார்கள், கேக்கை வாங்குவார்கள், "கேக்காரம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது லத்திபா ஒருத்திதான். பள்ளிவாசல் செயலாளர் முஜிபுர் ரஹ்மானின் மனைவி. அவள்தான் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். நாற்பத்தேழு பெண்கள், நான் நாற்பத்தெட்டாவது. பெருநாளைக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அறுபது பெட்டி வெண்ணெய் கேக் வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். இந்த முதல் பெருநாளில் நான் சரியாக நடந்துகொண்டால் இந்தத் தெரு என்னைத் தன் ஆளாகப் பார்க்கும், இல்லாவிட்டால் கடைசிவரை நான் கேக்காரம்மாதான். அப்படித்தான் நான் நினைத்தேன்.

நடுவில் புனித வெள்ளி வந்தது. அன்று கடை விடுமுறை. கறுப்புப் பின்னணியில் வெறும் சிலுவை ஒன்று, "இன்று புனித வெள்ளி, கடை இல்லை" என்று இரண்டே வரி. திட்டப்படி காலை ஆறு மணிக்கு ஏறியது. ஒன்பது மணிக்குக் குழுவில் லத்திபா எழுதினாள்: "எங்க ரீட்டாக்காவுக்கு இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்!" கூடவே எட்டு ரோஜாப்பூ, இரண்டு பலூன், ஒரு கேக்.

சிலுவைப் பாதை வழிபாடு முடிந்து வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆண்டவர் செத்த நாளுக்குப் பலூனா? லத்திபாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டத்தில் இல்லாத ஒரு பதிவை, நானே, கடைப் பக்கத்தில் போட்டேன். "அன்பான வாடிக்கையாளர்களுக்கு: புனித வெள்ளி துக்க நாள். வாழ்த்துச் சொல்லும் நாள் அல்ல. எந்தப் பண்டிகைக்கு எப்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு சொல்வோம்." எங்கள் ஊர்க்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

லத்திபா குழுவிலிருந்து அந்த வாழ்த்தை அழித்துவிட்டாள். மறுநாள் கடைக்கு வந்தவள், "தெரியாமப் போட்டுட்டேன்க்கா, தப்பா எடுத்துக்காதீக" என்று மட்டும் சொன்னாள். நானும் பெரிய மனுஷியாக, "பரவால்ல விடு" என்றேன். அந்தப் பதிவை மட்டும் எடுக்கவில்லை.

சரி, ரம்ஜானுக்கு வருவோம். பெருநாள் எந்த நாள் என்பதைக் காலண்டர் சொல்லாது, பிறை சொல்லும் என்று எனக்குத் தெரியாதா என்ன? இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு பதிவு செய்து வைத்தேன். பதிவு அ, புதன் காலை ஐந்தரைக்கு. பதிவு ஆ, வியாழன் காலை ஐந்தரைக்கு. செவ்வாய் சாயங்காலம் பிறை தெரிந்தால் ஆ-வை அழித்துவிடுவேன். தெரியாவிட்டால் அ-வை அழித்துவிடுவேன். இரண்டிலும் ஒரே படம்தான், பிறையும் கோப்பைக் கேக்கும். ஒரே வாசகம்தான்: "இன்று ஈகைத் திருநாள். அனைவருக்கும் பெருநாள் வாழ்த்துகள். தொழுகை முடிந்து வரும் எங்கள் தெரு உறவுகளுக்கு நம் கடை வாசலில் கோப்பைக் கேக் காத்திருக்கிறது." கார்த்திக்ராஜுக்கு இதெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாது என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதிகாலை எழுந்து கேக் போடுகிறவள் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். எங்கள் ஊரில் சர்ச் மைக்தான் கேட்கும், பள்ளிவாசல் மைக் கேட்காது. போனைக் கையில் வைத்துக்கொண்டே சாம்பார் தாளித்தேன். ஏழு மணி தாண்டியதும் குமுளியில் இருக்கும் என் நாத்தனார் ஞானசெல்வியிடமிருந்து செய்தி வந்தது. அவள் அங்கே ஏலக்காய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், முதலாளி முஸ்லிம். "பிறை கண்டாச்சு மதினி. நாளைக்குப் பெருநாளு. எங்களுக்கு லீவு."

ஞானசெல்வி பொய் சொல்ல மாட்டாள். சொன்னதும் பொய் இல்லை. நான் கைகழுவிவிட்டு உட்கார்ந்து, திட்டமிட்ட பதிவுகளின் பட்டியலைத் திறந்து, ஆ-வைத் தொட்டு, அழி என்று கொடுத்தேன். "நிச்சயமாகவா?" என்று அது கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அழுத்திவிட்டு, நெட்டை அணைத்துவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன்.

மூன்று மணிக்கு எழுந்தோம். ஆல்பர்ட் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி என்னைக் கடையில் இறக்கிவிட்டார். தெரு முழுக்க விளக்கு எரிந்தது. வீடு வீடாகப் பாத்திரச் சத்தம், குழம்பு வாசனை. "பெருநாச் சமையலு இப்பவே ஆரம்பிச்சுட்டாக பாத்தீகளா, இதல்லவா சுறுசுறுப்பு" என்று ஆல்பர்ட்டிடம் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார். வேலை நேரத்தில் போன் டிங் டிங் என்று அடிப்பது பிடிக்காது என்பதால் நெட்டைப் போடவே இல்லை. இருநூறு கோப்பைக் கேக்கும் வெந்து ஆறி, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை கிரீமும் வெள்ளிப் பிறையும் வைத்து முடிக்கும்போது நன்றாக விடிந்துவிட்டது.

ஆறரைக்கு வாசலில் மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, கேக்கை அடுக்கினேன். அறுபது பெட்டியும் உள்ளே தயாராக இருந்தது. புதுச் சேலையின் மடிப்பைச் சரி செய்துகொண்டு நின்றேன். அத்தர் வாசனையோடு வெள்ளைச் சட்டைகள் வரும் என்று பார்த்தால், தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு ஆட்டோக்காரர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மேஜையைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழு மணிக்குப் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. ஸ்பீக்கர் என் கடைக்கு நேர் மேலேதான். முஜிபுர் ரஹ்மான் பாயின் குரல், வெகு பொறுமையாக வந்தது.

"ஜமாத்தார்களின் கவனத்திற்கு. ஏற்கெனவே அறிவித்தபடி நேற்றுப் பிறை தென்படாத காரணத்தால் இன்று நோன்பு முப்பது. பெருநாள் தொழுகை இன்ஷா அல்லாஹ் நாளை வியாழக்கிழமை காலை. காலையிலிருந்து பலர் போன் செய்து கேட்பதால் மறுபடியும் அறிவிக்கிறோம். ஃபேஸ்புக்கில் வரும் கேக் கடைச் செய்தியைப் பார்த்து யாரும் குழப்பமடைய வேண்டாம்."

கேக் கடை என்று அவர் பெயர் சொல்லாமல்தான் சொன்னார். தெருவில் இருப்பது ஒரே ஒரு கேக் கடை. அதன் வாசலில், இருநூறு கேக்கோடு, பட்டுச் சேலையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நெட்டைப் போட்டேன். போன் நடுங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. குழுவில் நேற்று இரவு ஏழு ஐம்பதுக்கே லத்திபா எழுதியிருந்தாள்: "நம்ம பக்கம் பிறை தெரியல. நாளைக்கு நோம்பு. வியாழன் பெருநாள்." அதற்குக் கீழே இன்று காலை என் பதிவை நாலு பேர் எடுத்துப் போட்டு, "இது என்ன?" என்று கேட்டிருந்தார்கள். திருப்பூரில் இருக்கும் யாரோ ஒருவருடைய அண்ணன், "ஊர்ல பெருநாளா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று கோபித்திருந்தார்.

கேரளக் கடற்கரையில் பிறை தெரிந்து, அங்கே புதன்கிழமையே பெருநாள். நம் தமிழ்நாட்டில் தெரியவில்லை, இங்கே வியாழன். நடுவில் இருக்கிறது ஒரு மலைப்பாதை, அவ்வளவுதான். அதில் தினமும் ஏறி இறங்குகிற கண்டக்டரின் பெண்டாட்டி நான், எனக்கு இது உறைக்கவில்லை. நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு எரிந்த விளக்கைப் பெருநாள் சமையல் என்று வேறு மெச்சியிருக்கிறேன்.

கடைப் பக்கத்தைத் திறந்தேன். என் வாழ்த்துக்குக் கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கார்த்திக்ராஜ். அவன் ஒரு வார்த்தைகூடச் சொந்தமாக எழுதவில்லை. என்னுடைய புனித வெள்ளிப் பதிவைப் படம் பிடித்து அப்படியே போட்டிருந்தான். "எந்தப் பண்டிகைக்கு எப்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு சொல்வோம்."

மேஜையை உள்ளே இழுத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அவமானம்தான், வேறென்ன. பதிவை அழித்துவிடலாமா, பக்கத்தையே அழித்துவிடலாமா, கடையைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாமா என்று அந்த வரிசையில் யோசித்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஷட்டருக்குக் கீழே குனிந்து லத்திபா உள்ளே வந்தாள்.

"ஏ ஆத்தா! நோம்பு வச்சவள இம்புட்டு கேக்கு வாசத்துல நிறுத்துறீகளே, நியாயமாக்கா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"என்னக்கா, அழுதீகளா? அந்த மனுசன் மைக்குல சொன்னதுக்கா? நான் சொன்னேன், கேக் கடைன்னு சொல்லாதீகன்னு. பொய்யி சொல்லப்படாது நோம்புலன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

"லத்திபா, அறுபது பெட்டியும் இன்னைக்கே போட்டுட்டேன்."

"வெண்ணெய்க் கேக்குதான? நாளைக்கு இன்னும் நல்லா இருக்கும். வெளிய என்னமோ பாத்தேனே, பிறையெல்லாம் வச்சு."

"அது கிரீம். இந்த வெயில்ல மத்தியானம் தாங்காது. என் ஃபிரிட்ஜில அம்பதுதான் கொள்ளும்." எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. "அந்தப் போஸ்ட்ட முதல்ல அழிச்சிடுறேன்."

போனை எடுத்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அழிக்காதீகக்கா. அதுக்குத்தான் ஓடி வந்தேன். எங்க அப்ரின் அத வச்சுக்கிட்டிருக்கா."

அப்ரின் அவளுடைய தங்கை. போன வருஷம் குமுளியில் கட்டிக்கொடுத்தார்கள். அதுவரை எனக்குத் தெரியும். மீதியை லத்திபா சொன்னாள்.

"காலைல ஆறு மணிக்குப் போன் போட்டா. அவளுக்கு இன்னைக்குத்தான பெருநாளு. இங்கன நாங்க எல்லாரும் சஹர் சாப்புட்டுப் படுத்துட்டோம். அம்மா கூப்புடல, நான் கூப்புடல. நாளைக்குத்தானன்னு மனசு அசந்துபோச்சு. புதுச் சேலையக் கட்டிக்கிட்டு, மாமியா வீட்டுல உக்காந்து, நம்ம ஊருலருந்து ஒருத்தராச்சும் வாழ்த்துச் சொல்லுவாகளான்னு போனையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. அஞ்சரைக்கு ஒங்க வாழ்த்து வந்திருக்கு. 'எங்கள் தெரு உறவுகளுக்கு'ன்னு போட்டிருந்தீகள்ல, அதப் படிச்சுட்டு அழுதுட்டாளாம். 'அக்கா, நீங்க எல்லாம் மறந்துட்டீக, நம்ம தெருவுல ஒரு கேக்கடைதான் என்ன நெனச்சுச்சு'ன்னு எங்கிட்டச் சண்டை போடுறா. நான் என்னத்தச் சொல்ல?"

தப்பாகப் போட்டேன் என்று நாற்பது பேர் சிரித்த அதே பதிவை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அழித்தால் அவளுக்கு வந்த ஒரே வாழ்த்தும் போய்விடும். போனைக் கீழே வைத்தேன்.

"அப்ப என்ன செய்ய?"

"அழிக்காமத் திருத்த முடியாதா?"

முடியும். பதிவைத் திறந்து வாசகத்தை மட்டும் மாற்றலாம், படமும் அதற்கு வந்த பதில்களும் அப்படியே இருக்கும். லத்திபா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் எழுதினேன். "குமுளியிலும் கேரளத்திலும் இருக்கும் எங்கள் தெரு உறவுகளுக்கு இன்று பெருநாள் வாழ்த்துகள். நம் ஊரில் நாளைதான் பெருநாள், கோப்பைக் கேக்கும் நாளைதான். குமுளிப் பிறையைப் பார்த்து நம் ஊருக்கு வாழ்த்துப் போட்டது நான். மன்னிக்க வேண்டும். ரீட்டா." மன்னிக்க வேண்டும் என்ற வார்த்தையை நான் கடைப் பக்கத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டுச் சேமி என்பதை அழுத்த, முந்தின இரவு ஆ-வை அழிக்க ஆன நேரத்தைவிட நிறைய நேரம் ஆனது.

"கேக்க என்ன செய்யப் போறீக?" என்றாள் லத்திபா.

"ஆல்பர்ட்டுக்கு இன்னைக்கு மத்தியான டூட்டி. குமுளி பஸ்சுதான். ஒரு தட்டு அப்ரினுக்குக் குடுத்து விடுறேன். ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிருவாளா?"

"வாங்கிக்கிருவாளாவா? இப்பவே போயி நின்னுருவா. மிச்சத்துக்கு..." அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போனை எடுத்துக் குழுவில் பேசிப் பதிவு செய்தாள். "ஏய், எல்லாரும் கேளுங்க. ரீட்டாக்காட்ட நாளைக்கு நமக்கு வச்ச கேக்கு இருக்கு. கெட்டுப் போயிரும். யாரு வீட்டு ஃபிரிட்ஜில எடம் இருக்கோ இங்கன வாங்க. நோம்புக் கஞ்சிச் சட்டிய எடுத்து வெளிய வைங்க, ஒண்ணும் ஆகாது."

கால் மணி நேரத்தில் கதவுகள் திறந்தன. பாதித் தூக்கத்தில் எழுந்த முகத்தோடு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி காய்கறியை எடுத்துவிட்டு இடம் செய்தேன் என்றாள், ஒருத்தி மாமியாரின் இன்சுலினுக்கு மட்டும் ஒரு மூலை விட்டிருக்கிறேன் என்றாள். "வீட்டுல பிள்ளைக கண்ணுல படாம ஒளிச்சு வைக்கணும்" என்று ஒருத்தி முக்காட்டால் தட்டை மூடிக்கொண்டு போனாள். நோன்பு வைத்த பெண்கள், வாயில் எச்சில் கூட விழுங்காமல் என் கிரீம் கேக்கை ஏந்திக்கொண்டு தெருவில் வரிசையாகப் போனதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வீட்டு ஃபிரிட்ஜ். அந்த ஏழு வீட்டிலும் ஒரு வீட்டுக்குள்கூட நான் அதுவரை போனதில்லை. அன்றைக்கு எல்லா வீட்டுச் சமையலறைக்கும் போய் தட்டைச் சாய்க்காமல் எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு வந்தேன். நாலாவது வீட்டிலேயே "கேக்காரம்மா" போய் "ரீட்டாக்கா" ஆகிவிட்டிருந்தேன்.

மத்தியானம் ஆல்பர்ட் பஸ்ஸில் முன் சீட்டுக்குப் பின்னால் தட்டை வைத்துக் கட்டி, மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். நாலு மணிக்கு என் பதிவுக்குக் கீழே அப்ரின் ஒரு படம் போட்டாள். குமுளி ஸ்டாண்டில் பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் புதுச் சேலையோடு நின்று, பிறை வைத்த கேக்கைக் கையில் பிடித்திருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டையோடு ஆல்பர்ட், கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு. "என் தெருவிலிருந்து பெருநாள் வந்தது" என்று எழுதியிருந்தாள். அதற்கு வந்த இதயங்களை எண்ண முடியவில்லை. கார்த்திக்ராஜின் பதில் எங்கோ கீழே போய்விட்டது.

வியாழக்கிழமை வாழ்த்தை நான் முன்கூட்டிப் போடவில்லை. படம் போனிலேயே இருந்தது, மறுபடியும் நேரம் குறித்து வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. காலையில் தொழுகை முடிந்து தெரு நிறைந்தது. இந்தத் தடவை அத்தர் வாசனையும் வந்தது, வெள்ளைச் சட்டைகளும் வந்தன. ஏழு வீட்டிலிருந்தும் ஏழு தட்டு வெளியே வந்து மேஜையில் சேர்ந்தது. ஒரு தட்டில் மூன்று குறைந்தது, பிள்ளைகள் கண்ணில் பட்டுவிட்டதாம். முஜிபுர் ரஹ்மான் பாய் முதல் கேக்கை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு மைக்குல ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைலக்கா?" என்றார். "வாழ்த்து மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"இப்பப் போடுங்கக்கா" என்றாள் லத்திபா. மேஜையைச் சுற்றி நின்ற எல்லோரையும் படம் பிடித்து, அங்கேயே நின்று இரண்டு வரி எழுதி, கையால் போட்டேன். அப்படியே விரலைக் கீழே தள்ளிக்கொண்டு போனேன். பழைய பதிவுகளில், புனித வெள்ளிக்கு நான் எழுதிய அந்தப் பாடம் வந்து நின்றது. நூற்றுப் பன்னிரண்டு கட்டை விரல். அதை அழித்தேன். "நிச்சயமாகவா?" என்று அது கேட்டதும் தாமதிக்காமல் அழுத்தினேன்.

லத்திபா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அத ஏங்க்கா எடுத்தீக? தப்பு என்னுதுதான. துக்க நாள்ல போயி பலூன் விட்டேன்."

"குழுவுல நாப்பத்தேழு பேரு இருந்தீக" என்றேன். "அன்னைக்கு எனக்கு முக்கியமான நாளுன்னு நெனச்சது நீ மட்டுந்தான். எனக்கு அது அப்ரின் அழுததக் கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு."

அவள் உள்ளே போய், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய பச்சைப் பேனாவை எடுத்தாள். காலண்டரின் கடைசியில் அடுத்த வருஷத்து மாதங்கள் பொடி எழுத்தில் இருக்கும். அதில் ரம்ஜானைத் தேடி வட்டம் போட்டாள். "இங்கன ரெண்டு போஸ்ட்டுன்னு எழுதிக்கங்க. குமுளிக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே நாள் வந்தாலும் ரெண்டு போடணும். நான் போன் பண்ணாம எதையும் அழிக்கக் கூடாது."

"சரி."

"புனித வெள்ளி எங்கன வருது?"

காட்டினேன். அதற்கும் வட்டம் போட்டாள்.

"அன்னைக்கு வாழ்த்துச் சொல்லக் கூடாதுன்னா வேற என்னக்கா சொல்லணும்?"

வாழ்நாள் முழுக்க அந்த நாளை அனுசரிக்கிறேன், என்ன சொல்லக் கூடாது என்றுதான் ஊருக்குப் பாடம் எடுத்தேனே தவிர, என்ன சொல்லலாம் என்று யாருக்கும் சொன்னதில்லை.

"சாப்பிட்டியான்னு கேளு" என்றேன். "அன்னைக்கு நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்."

"ஒங்களுக்கும் நோம்பா!" என்று சிரித்துவிட்டு, காலண்டரில் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக எழுதினாள்: "ரீட்டாக்காவுக்குக் கஞ்சி."